வங்கிப் படிவத்தில் ‘கரண்ட் அட்ரஸ்’ என்றால் எந்த முகவரி? முதல்முறை கணக்குத் தொடங்குபவருக்குத் தமிழில் எப்படிச் சொல்வது?

பெங்களூரு, புனே, ஹைதராபாத் என்று வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கு இந்த அனுபவம் இருந்திருக்கும். பிஜி சமையல்கார அக்கா, அலுவலகக் காவலாளி, ஊரிலிருந்து புதிதாக வந்த சித்தப்பா பையன் என யாராவது ஒருவர் வங்கிப் படிவத்தை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்பார்கள்.

வங்கிகள் கணக்குத் தொடங்கும் படிவத்தை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என மூன்று மொழிகளில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ஆனால் பெங்களூருவில் வட்டார மொழி கன்னடம். அங்கே தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்த மூன்றில் எதுவுமே உதவாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் வேலை உங்கள் தலையில் விழுகிறது.

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தால் இந்தப் படிவம் புரியாது. அதில் உள்ள பல சொற்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. விதி தெரியாமல் சொல்லை மட்டும் தமிழாக்கினால், தேவையில்லாத ஆவணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அல்லது ஏடிஎம் கார்டு அரூருக்குப் போய்விடும், ஆள் பெங்களூருவில் காத்திருப்பார்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்

முனியம்மாள் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் கற்பனை, நிலைமை கற்பனை அல்ல. வயது 41. சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் ஒரு கிராமம். மூன்று வருடமாகப் பெங்களூருவில் ஒரு பிஜியில் சமையல் வேலை. இதுவரை சம்பளம் கையில் கிடைத்தது. இனிமேல் வங்கிக் கணக்கில்தான் போடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அவரிடம் இருப்பவை: ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் அரூர் முகவரி. பான் கார்டு இல்லை. பெங்களூருவில் வாடகை வீடு, கரண்ட் பில் வீட்டு ஓனர் பெயரில் வருகிறது. வாடகை ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது.

இவரால் கணக்குத் தொடங்க முடியுமா? முடியும். ஆனால் படிவத்தின் மூன்று இடங்களில் அவர் தடுமாறுவார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் இடம்: ‘அஃபிஷியலி வேலிட் டாக்குமென்ட்’

இதை ‘அதிகாரப்பூர்வமாகச் செல்லத்தக்க ஆவணம்’ என்று மொழிபெயர்க்கலாம். சொல் சரி, ஆனால் முனியம்மாளுக்கு அதில் ஒன்றும் விளங்காது. அரசு முத்திரை உள்ள எந்த அட்டையும் போதும் என்று நினைத்துக்கொண்டு ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவார்.

உண்மையில் இது ஒரு மூடிய பட்டியல். கேஒய்சி விதிகளை ரிசர்வ் வங்கி 2016-இல் ஒருங்கிணைத்து வெளியிட்டது, பிறகு பலமுறை திருத்தியது. அதன்படி இந்தப் பெயருக்குள் வருபவை ஆறு ஆவணங்கள்தான்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, பெயரும் முகவரியும் உள்ள தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம்.

ரேஷன் கார்டு இதில் இல்லை. பான் கார்டும் இல்லை. பானில் முகவரியே கிடையாது என்பதை யோசித்தால் காரணம் எளிதாகப் புரியும். இந்தப் பட்டியலின் நோக்கமே ஒரே ஆவணத்தில் ‘இவர் யார்’, ‘எங்கே இருப்பவர்’ என்ற இரண்டுக்கும் பதில் கிடைக்க வேண்டும் என்பதுதான்.

இங்கேதான் பலரும் தவறாக மொழிபெயர்க்கிறார்கள். படிவத்தில் ‘ப்ரூஃப் ஆஃப் ஐடென்டிட்டி’ என்று ஒரு தலைப்பும், ‘ப்ரூஃப் ஆஃப் அட்ரஸ்’ என்று இன்னொரு தலைப்பும் இருக்கும். உடனே நாம் "அடையாளத்துக்கு ஒண்ணு, முகவரிக்கு ஒண்ணு, ரெண்டு ஆவணம் வேணும்கா" என்று சொல்லிவிடுகிறோம். தேவையில்லை. அந்த ஆவணத்தில் இருக்கும் முகவரியிலேயே அவர் இப்போது வசித்தால், ஒரே ஆவணம் இரண்டு தலைப்புக்கும் போதும்.

முனியம்மாளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, நீங்க யாரு, எந்த முகவரின்னு ரெண்டையும் ஒரே அட்டையில காட்டணும். ஆதாரோ ஓட்டர் ஐடியோ ஒண்ணு போதும். ரேஷன் கார்டு இங்க செல்லாது."

பான் பற்றி ஒரு வார்த்தை. படிவத்தில் ‘பான் ஆர் ஃபார்ம் 60’ என்று இருக்கும். நடுவில் உள்ள ‘ஆர்’ என்ற குட்டிச் சொல்தான் முக்கியம். பான் இல்லாதவர், தன்னிடம் பான் இல்லை என்று சொல்லி, வருமான விவரம் உள்ளிட்ட சில தகவல்களோடு ஓர் அறிவிப்புப் படிவம் தரலாம். பான் இல்லையே என்று முனியம்மாளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் பான் இருந்தும் இல்லை என்று எழுதுவது பொய் அறிவிப்பு. கணக்கைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று அந்தக் குறுக்கு வழியைக் காட்டிவிடாதீர்கள்.

‘செல்ஃப் அட்டெஸ்டட்’, ‘செர்டிஃபைடு காப்பி’: யார் கையெழுத்து?

இந்த இரண்டையும் ‘சான்றளிக்கப்பட்ட நகல்’ என்று ஒரே மாதிரி சொன்னால், கெசட்டட் ஆபீசரைத் தேடி ஒரு நாள் கூலி போய்விடும்.

முதலாவது, ஜெராக்ஸில் அவரே கையெழுத்துப் போடுவது. தமிழில் போடலாம். இரண்டாவது, அந்த நகலை அசலோடு ஒப்பிட்டு வங்கி அதிகாரி குறிப்பு எழுதுவது. அது வங்கியின் வேலை. முனியம்மாள் செய்ய வேண்டியதெல்லாம் அசலை எடுத்துக்கொண்டு நேரில் போவதுதான். நோட்டரி, பச்சை மை, முத்திரை எதுவும் தேவையில்லை.

ஆதாரை வெறும் ஆவணமாக, அதாவது நகலாகக் காட்டும்போது இன்னொரு விஷயம். ஆதார் எண்ணை வைத்து இணைய வழிச் சரிபார்ப்பு செய்யத் தேவையில்லாத இடத்தில், நகலில் உள்ள எண்ணை வாடிக்கையாளர் மறைத்துத் தருவதை வங்கி உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. ‘ப்ரூஃப் ஆஃப் பொசெஷன் ஆஃப் ஆதார்’ என்ற நீளமான சொற்றொடருக்கு அர்த்தமும் இதுதான். ‘என்னிடம் ஆதார் இருக்கிறது’ என்பதற்கான சான்று அது. எண்ணை ஒப்படைப்பது வேறு செயல். அடுத்த பகுதியில் இந்த வித்தியாசம் பெரிதாக உதவும்.

இரண்டாவது இடம்: மூன்று முகவரிகள்

‘பெர்மனென்ட் அட்ரஸ்’, ‘கரண்ட் அட்ரஸ்’, ‘கரஸ்பாண்டன்ஸ் அட்ரஸ்’. நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, கடிதப் போக்குவரத்து முகவரி. அகராதிப்படி மூன்றும் சரி.

ஆனால் நம்மவர்கள் காதில் ‘நிரந்தர முகவரி’ என்பது சொந்த ஊர், பூர்வீக வீடு, குலதெய்வக் கோயில் இருக்கும் இடம் என்று விழுகிறது. வங்கி கேட்பது அதை அல்ல. வங்கியைப் பொறுத்தவரை அது நீங்கள் காட்டும் ஆவணத்தில் அச்சாகியிருக்கும் முகவரி. முனியம்மாள் பிறந்தது சேலமாக இருக்கலாம், அவர் கணவர் ஊர் அரூராக இருக்கலாம். ஆதாரில் எது இருக்கிறதோ, கதவு எண், தெரு, பின்கோடு என எழுத்து பிசகாமல் அதுதான் இங்கே வர வேண்டும்.

‘கரண்ட் அட்ரஸ்’ என்பது இன்று ராத்திரி அவர் படுத்துத் தூங்கும் வீடு. ‘கரஸ்பாண்டன்ஸ்’ என்பது தபால்காரர் வர வேண்டிய இடம். ஏடிஎம் கார்டு, செக் புக், வங்கிக் கடிதம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

அவரிடம் இப்படிக் கேட்டால் போதும்: "ஆதார்ல என்ன முகவரி இருக்கு? இப்ப எங்க குடியிருக்கீங்க? தபால் எங்க வந்தா உங்க கையில கிடைக்கும்?" மூன்று கேள்வி, மூன்று பெட்டி.

இந்தப் பகுதியில் ‘சேம் அஸ் அபவ்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மேலே உள்ளதேதான் என்று பொருள். எழுதும் வேலை குறையுமே என்று அதில் டிக் போடுவதுதான் வெளியூரில் இருப்பவர்கள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. அதில் டிக் போட்டால் "நான் அரூரில்தான் வசிக்கிறேன்" என்று முனியம்மாள் கையெழுத்திட்டுச் சொன்னதாக ஆகும். கார்டு அரூருக்குப் போகும். பூட்டியிருக்கும் வீட்டிலிருந்து அது வங்கிக்கே திரும்பிவிடும். கூடவே, முகவரியைச் சரிபார்க்க வங்கி அனுப்பும் கடிதமும் திரும்பினால் கணக்கின் மீது கேள்வி எழும்.

மூன்றாவது இடம்: பெங்களூரு முகவரிக்கு என்ன சான்று?

இப்போதுதான் உண்மையான சிக்கல். ஆதாரில் அரூர், ஆள் இருப்பது பெங்களூரு. என்ன காட்டுவது?

"ஆதார் முகவரியை மாத்திட்டு வாங்க" என்று கவுன்டரில் சொல்வது வழக்கம். அது ஒரு வழிதான், ஒரே வழி அல்ல. விதியில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சுய அறிவிப்பு. முனியம்மாள் தன் ஆதார் எண்ணை விருப்பப்பட்டு வங்கியிடம் தந்து, கைரேகை போன்ற முறையில் இணைய வழிச் சரிபார்ப்புக்குச் சம்மதித்தால், அவருடைய பெயரும் அரூர் முகவரியும் ஆதார் ஆணையத்தின் தரவுத்தளத்திலிருந்தே வங்கிக்கு வந்துவிடும். அதன்பின், "நான் இப்போது வசிப்பது வேறு முகவரி" என்று அவரே எழுதித் தரலாம். படிவத்தில் ‘செல்ஃப் டிக்ளரேஷன்’ என்று இருப்பது இதுதான். புலம்பெயர்ந்து வேலை செய்பவர்கள் படும் சிரமத்தை மனதில் வைத்து, 2019 நவம்பரில் பணமோசடித் தடுப்பு விதிகளில் மத்திய அரசு செய்த திருத்தத்தால் வந்த வசதி இது. பெங்களூரு முகவரிக்குத் தனியாக பில் தேவையில்லை, வாடகை ஒப்பந்தமும் தேவையில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. விதி இந்தச் சலுகையைக் கொடுப்பது அந்த இணைய வழிச் சரிபார்ப்போடு சேர்த்துத்தான். ஆதார் ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு சுய அறிவிப்பு எழுதினால், அதிகாரி மறுக்க இடமிருக்கிறது. ‘எண்ணைத் தருவது’, ‘சான்றைக் காட்டுவது’ என்று மேலே பிரித்துப் பார்த்தோமே, அது இதற்காகத்தான்.

அந்த அறிவிப்பின் சாரத்தைத் தமிழில் இப்படிப் படித்துக் காட்டலாம்: "என் ஆதாரில் இருப்பது அரூர் முகவரி. நான் இப்போது குடியிருப்பது கீழே எழுதியிருக்கும் பெங்களூரு முகவரியில். இது உண்மை என்று நானே உறுதி சொல்கிறேன்." அதில் வரும் ‘வாலன்டரிலி’ என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். ‘என் விருப்பத்தின்பேரில் ஆதார் எண்ணைத் தருகிறேன்’ என்பதுதான் அவர் கையெழுத்திடும் சம்மதம். தர விருப்பமில்லை என்றால், வாக்காளர் அட்டையைக் கொண்டு கணக்குத் தொடங்கும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. அரசு மானியம் இந்தக் கணக்கில் வர வேண்டும் என்றால் மட்டும் ஆதார் எண் தேவைப்படும்.

சமையல், கட்டட வேலை, துணி துவைப்பு செய்பவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருப்பது சகஜம். இயந்திரம் ஏற்கவில்லை என்றால் அத்தோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆதாரில் இணைத்த கைபேசி எண் கையில் இருந்தால் ஓடிபி வழி சாத்தியமா, முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி அந்தக் கிளையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டிலிருந்தே செயலி மூலம் ஓடிபி மட்டும் போட்டுத் தொடங்கும் கணக்கு வேறு வகை. அதில் இருப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வருடத்துக்குள் முழுச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அதனால் முனியம்மாள் கிளைக்கு நேரில் போவதே நல்லது.

இரண்டாவது வழி: ‘டீம்டு’ ஆவணங்கள்

‘டீம்டு’ என்ற சொல்லுக்கு நேரான பேச்சுத்தமிழ் இல்லை. ‘இதுக்காக மட்டும் செல்லும்னு ஏத்துக்கிறாங்க’ என்பதுதான் அதன் பொருள். காட்டும் ஆவணத்தில் புதிய முகவரி இல்லாதபோது, முகவரியை நிரூபிப்பதற்கு மட்டும் சில காகிதங்களை வங்கி ஏற்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு கைபேசி, குழாய் வழி எரிவாயு, தண்ணீர் பில்களில் ஒன்று. சொத்து வரி அல்லது மாநகராட்சி வரி ரசீது. அரசுத் துறைகளோ பொதுத்துறை நிறுவனங்களோ தரும் ஓய்வூதிய ஆணை, அதில் முகவரி இருந்தால். அரசு, பொதுத்துறை, வங்கி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் போன்ற முதலாளிகள் தரும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதம்.

பட்டியலில் இல்லாததைக் கவனியுங்கள். ப்ரீபெய்டு சிம் இல்லை, சிலிண்டர் ரசீது இல்லை, பிஜி ரசீது இல்லை. தனி வீட்டு ஓனரோடு போட்ட சாதாரண வாடகை ஒப்பந்தமும் இல்லை. "ரென்ட் அக்ரிமென்ட் இருக்கே, அதைக் கொடுங்க" என்று நாம் உறுதியாகச் சொல்வது பல சமயம் ஏமாற்றத்தில் முடிவது இதனால்தான். முனியம்மாளின் கரண்ட் பில் ஓனர் பெயரில் இருப்பதால் அதை அவருடைய முகவரிச் சான்றாக நம்பிக்கொண்டு போவதில் பயனில்லை.

இந்த வழியில் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. இப்படிப்பட்ட பில்லைக் கொடுத்தவர், மூன்று மாதத்துக்குள் புதிய முகவரி அச்சிட்ட முதல்நிலை ஆவணம் ஒன்றைத் தர வேண்டும். முன்பு சொன்ன ஆறில் ஒன்று. படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த வரியைப் படித்துக் காட்டாமல் விட்டால், கணக்கு தொடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவருக்கு நாலாவது மாதம் சிக்கல் வரும். சம்பளம் வரும் நாளில் பணம் எடுக்க முடியாமல் போவதை யோசித்துப் பாருங்கள். நாளைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள்: ஜூன் 10 அன்று பில் கொடுத்தால், செப்டம்பர் 10-க்குள் புதிய ஆவணம்.

மூன்றாவது வழி: ஆதாரிலேயே முகவரியை மாற்றுவது

பெங்களூருவில் நிலையாகத் தங்கப்போகிறவர்களுக்கு இது நிரந்தரத் தீர்வு. வங்கி ஏற்காத வாடகை ஒப்பந்தத்தை ஆதார் ஆணையம் முகவரி மாற்றத்துக்கு ஏற்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. அதாவது முனியம்மாளின் ஒப்பந்தம் வீணான காகிதம் அல்ல, அது போக வேண்டிய அலுவலகம் வேறு. ஆதாரில் முகவரி மாறிய பிறகு, அந்த ஆதாரே வங்கியில் இரண்டு தலைப்புக்கும் சான்றாகிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு வீடு மாறுபவர், ஊர் முகவரியே இருக்கட்டும் என்று நினைப்பவர் ஆகியோருக்கு முதல் வழிதான் வசதி. முனியம்மாளுக்கும் அதையே நான் சொல்வேன்.

பெயரும் இனிஷியலும்

படிவம் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘மிடில் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறது. நம் வழக்கத்தில் இருப்பது ஒரு பெயரும் ஒரு எழுத்தும். ‘லாஸ்ட் நேம்’ என்பதைக் ‘கடைசிப் பெயர்’ என்று சொல்லி, அங்கே அப்பா பெயரை முழுதாக எழுதி, ஆதாரில் ‘ஜி முனியம்மாள்’ என்று இருப்பவரை வங்கியில் ‘முனியம்மாள் கோவிந்தன்’ ஆக்கிவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கணினி கேட்கும். ஆதாரில் எப்படியோ அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு. கட்டத்தை நிரப்புவதற்காகப் பெயரை நீட்ட வேண்டாம். இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

‘மெய்டன் நேம்’ என்பது வீட்டுப் பெயர் அல்ல, திருமணத்துக்கு முன்பு இருந்த பெயர். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறி, வாக்காளர் அட்டையில் கணவர் எழுத்தும் ஆதாரில் அப்பா எழுத்தும் இருப்பது நம் பெண்களிடம் சாதாரணம். பெயர் மாறிய பிறகும் பழைய ஆவணம் செல்லும், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கூட இருந்தால். இரண்டும் இல்லாதவருக்கு எளிய வழி, ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் கொடுப்பது. ஒன்று போதும் என்று விதி சொல்லும்போது, முரண்படும் இரண்டாவது அட்டையை நாமே எடுத்து நீட்ட வேண்டாமே.

எதுவுமே இல்லாதவர்கள்

ஆறு ஆவணத்தில் ஒன்றுகூட இல்லாதவரும் ‘ஸ்மால் அக்கவுன்ட்’ எனும் சிறு கணக்கைத் தொடங்கலாம். தான் கையொப்பமிட்ட புகைப்படம் ஒன்று, வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்து அல்லது கைநாட்டு, அவ்வளவுதான். வரம்பு உண்டு: இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவோ அனுப்பவோ முடியாது, ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முதலில் 12 மாதம் இயங்கும். அதற்குள் ஏதாவது ஓர் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீளும்.

இதைச் சாதாரண சேமிப்புக் கணக்கு என்று சொல்லிவிடாதீர்கள். மாதம் 14,000 சம்பளம் வாங்குபவர் இந்தக் கணக்கில் முழுச் சம்பளத்தையும் எடுக்க முடியாது, எட்டாவது மாதத்திலேயே ஆண்டு வரம்பு தாண்டிவிடும். ஆதார் கையில் இருக்கும் முனியம்மாளுக்கு இது தேவையில்லை. குறைந்தபட்ச இருப்புத்தான் அவர் கவலை என்றால் அடிப்படை சேமிப்புக் கணக்கைக் கேட்கலாம். ‘ஸ்மால்’, ‘பேசிக்’ இரண்டையும் ‘சின்னக் கணக்கு’ என்று சொல்லிக் குழப்பாதீர்கள். முதலாவதில் பணத்துக்கு வரம்பு, இரண்டாவதில் குறைந்தபட்ச இருப்புக்கு விலக்கு.

நீங்கள் போடும் கையெழுத்து

விண்ணப்பதாரர் தமிழில் கையெழுத்திட்டாலோ கைநாட்டு வைத்தாலோ, பல வங்கிகள் ‘வெர்னாகுலர் டிக்ளரேஷன்’ என்று ஒரு பகுதியை நிரப்பச் சொல்லும். "இந்தப் படிவத்தில் உள்ளதை விண்ணப்பதாரருக்குத் தெரிந்த மொழியில் விளக்கினேன், அவர் புரிந்துகொண்டார்" என்று விளக்கியவர் போடும் கையெழுத்து அது. பெரும்பாலும் அந்த விளக்கியவர் நீங்கள்தான்.

ஆகவே குறைந்தது நான்கு விஷயங்களை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்: எந்த முகவரிக்குத் தபால் வரும், ஆதார் எண்ணைத் தரச் சம்மதமா, பான் இல்லை என்ற அறிவிப்பு உண்மைதானா, மூன்று மாதக் கெடு அவருக்குப் பொருந்துமா. வரிசையாக வரும் மற்ற கட்டங்களிலும் சில பொறிகள் உண்டு. ‘பொலிட்டிக்கலி எக்ஸ்போஸ்டு பர்சன்’ என்பதை ‘அரசியல் தொடர்புள்ளவர்’ என்று சொன்னால், கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கூட ‘ஆமாம்’ என்பார். அது வெளிநாட்டு அரசுகளில் அதிபர், அமைச்சர் போன்ற உயர்பதவி வகிப்பவர்களைக் குறிப்பது. உள்ளூர் வட்டச் செயலாளரை அல்ல.

மறுத்தால் என்ன செய்வது?

எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேஒய்சி விண்ணப்பத்தை யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரிக்கும் காரணத்தை அதிகாரி பதிவுசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதியில் சேர்த்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளின் கேஒய்சி சிக்கல் பற்றிய வழக்கில் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து வந்த மாற்றம் அது. "சார், காரணத்தை எழுதிக் கொடுங்க" என்ற ஒரு வாக்கியமே பல சமயம் பேச்சைச் சரியான பாதைக்குக் கொண்டுவரும்.

தீரவில்லை என்றால் முதலில் அந்த வங்கியிடமே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கணக்கு தொடங்கிய பிறகு

முனியம்மாள் அடுத்த வருடம் வேறு வீட்டுக்குப் போனால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முகவரி மட்டும் மாறினால், பதிவுசெய்த கைபேசி, மின்னஞ்சல், ஏடிஎம், கடிதம் போன்ற வழிகளில் சுய அறிவிப்பு தரலாம். வங்கி இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிபார்க்கும். அவரைப் போன்ற குறைந்த அபாய வாடிக்கையாளருக்கு கேஒய்சி புதுப்பிப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை. ஊருக்கே திரும்பினால், முழு கேஒய்சி முடிந்த கணக்கை அதே வங்கியின் அரூர் கிளைக்கு மாற்றும்போது, புதுப்பிக்கும் கெடு வந்திருக்காத வரை, திரும்பவும் சான்று கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இதெல்லாம் வேலை செய்ய ஒரு விஷயம் சரியாக இருக்க வேண்டும்: படிவத்தில் எழுதும் கைபேசி எண். ‘அக்காவுக்கு ஃபோன் பார்க்கத் தெரியாது’ என்று உங்கள் எண்ணை எழுதிவிடாதீர்கள். நாளை நீங்கள் வேறு ஊருக்கு மாறினால், அவர் பணத்துக்கான ஓடிபி உங்களுடனேயே போய்விடும்.